ஆறு மாத உதவித்தொகை நிலுவையும் புலத்தலைவருக்கு எழுதப்பட்ட இரண்டு கடிதங்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு கல்லூரியில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்த மாணவி ஒருவருக்கு, 2023 ஆகஸ்ட் முதல் 2024 ஜனவரி வரை ஆறு மாதங்கள் உதவித்தொகை வரவில்லை. அந்த நிலுவையைக் கேட்டு அவர் ஆராய்ச்சிப் புலத்தலைவருக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். முதல் கடிதத்தால் மூன்று மாதங்களாக எதுவும் நடக்கவில்லை. இரண்டாவது கடிதத்துக்கு மூன்றாம் நாளே கோப்பு நகர்ந்தது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே, படித்த அதிகாரியும் ஒருவரே. வேறுபாடு எங்கே இருந்தது என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன். அப்போது நான் அந்தத் துறையின் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். முதல் கடிதத்தைப் பரிந்துரைத்துக் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன்.

மாணவி நெட் தேர்வின் வழியே பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு நல்கை பெற்று, 2021 ஆகஸ்டில் சேர்ந்தவர். மேலூர் வட்டாரக் கண்மாய்களில் உள்ள நீர்த்தாவரங்களைப் பற்றியது அவருடைய ஆய்வு. கண்மாய்களில் நீர் நிறையும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் மாதிரிகள் எடுக்க முடியும் என்பதால், பணம் வராத மாதங்களும் களப்பணிக்குச் செலவு கூடும் மாதங்களும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

இந்த நல்கையின் மொத்தக் காலம் ஐந்து ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகள் இளநிலை. அதன்பின் மதிப்பீட்டுக் குழு ஒன்று ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்த்து முதுநிலைக்கு உயர்த்தப் பரிந்துரைக்க வேண்டும். நெறியாளரும் துறைத் தலைவரும் வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர் ஒருவரும் சேர்ந்தது அந்தக் குழு. 2023 ஜனவரி 1 முதல் இளநிலைக்கு மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000 ரூபாய் என்று தொகை திருத்தப்பட்டிருந்தது. வீட்டு வாடகைப்படி தனி; ஊரின் வகையைப் பொறுத்தும் தங்குமிடத்தைப் பொறுத்தும் மாறுவது என்பதால் இங்குள்ள கணக்குகளில் அதைச் சேர்க்கவில்லை.

இந்தப் பணம் செல்லும் வழியைச் சற்று விளக்கியாக வேண்டும், ஏனெனில் முதல் கடிதம் இடறி விழுந்தது அங்கேதான். நல்கைத் தொகை கல்லூரியின் கணக்குக்கு வருவதில்லை. ஆய்வாளரின் வங்கிக் கணக்கில் நேரடியாக வரவு வைக்கப்படுகிறது. கல்லூரியின் பங்கு, இன்ன ஆய்வாளர் இன்ன மாதம் முழுநேரமாகப் பணியில் இருந்தார் என்று மாதந்தோறும் உறுதி செய்வது மட்டுமே. ஆய்வுப் பிரிவில் ஒருவர் வங்கியின் இணையதளத்தில் அதைப் பதிகிறார். அவரை மேக்கர் என்கிறார்கள். பொறுப்பு அலுவலர் ஒருவர் அந்தப் பதிவைச் சரிபார்த்து ஒப்புகிறார், அவர் செக்கர். இந்த இரண்டு படிகளில் ஒன்று நின்றாலும் அந்த மாதத்துப் பணம் புறப்படாது. புறப்படாததற்கான அறிவிப்பும் ஆய்வாளருக்கு வராது.

முதல் கடிதம்

ஆகஸ்டு மாதத் தொகை செப்டம்பரில் வராதபோது மாணவி அதைப் பொருட்படுத்தவில்லை. நல்கை ஒன்றிரண்டு மாதம் தள்ளி வருவது ஆய்வாளர்களுக்குப் பழகிப்போன ஒன்று. வரும்போது மொத்தமாக வரும் என்ற நம்பிக்கையும் உண்டு. அக்டோபர் முடியும்வரை காத்திருந்துவிட்டு, அக்டோபர் 30 அன்று முதல் கடிதத்தைக் கொடுத்தார். அதன் நடுப்பகுதி இப்படி இருந்தது:

"கடந்த மூன்று மாதங்களாக எனக்கு உதவித்தொகை வழங்கப்படவில்லை. என் தந்தை விவசாயக் கூலி. களப்பணிக்கும் வேதிப்பொருள்கள் வாங்கவும் சொந்தப் பணத்தையே செலவு செய்து வருகிறேன். கான்டிஞ்சன்சி பில்களும் நிலுவையில் உள்ளன. எனவே ஐயா அவர்கள் என் குடும்ப நிலையைக் கருணையோடு பரிசீலித்து, நிலுவையில் உள்ள தொகைகளை விரைந்து விடுவித்து உதவுமாறு பணிந்து வேண்டுகிறேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. நெறியாளர் கையொப்பமிட்டார், நானும் இட்டேன், துறைத் தலைவரும் இட்டார். எவரும் இரண்டாம் முறை படிக்கவில்லை. 'தொகைகளை விடுவித்து' என்ற தொடரையும் ஆய்வின் சில்லறைச் செலவுகளைக் குறிக்கும் 'கான்டிஞ்சன்சி பில்' என்ற சொல்லையும் பார்த்த புலத்தலைவர் அலுவலகம், இது பணம் கொடுக்கும் விவகாரம் என்று கருதி, 'ஆவன செய்க' என்று எழுதிக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பியது. கணக்குப் பிரிவில் கடிதம் பதினெட்டு நாள்கள் இருந்தது. பிறகு மாணவியை அழைத்த கண்காணிப்பாளர், "இந்தப் பணம் எங்க கணக்குக்கே வர்றதில்லையேம்மா, வராத பணத்தை நான் எப்படி விடுவிக்கிறது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். 'இப்பிரிவு சார்ந்ததல்ல' என்ற குறிப்போடு கடிதம் புலத்தலைவர் அலுவலகத்துக்குத் திரும்பி, அங்கே கோப்பில் சேர்ந்தது. ஆய்வுப் பிரிவுக்கு அது போகவே இல்லை.

மாணவி நவம்பரிலும் டிசம்பரிலும் நான்கு முறை புலத்தலைவர் அலுவலகத்துக்குச் சென்று கேட்டிருக்கிறார். 'கடிதம் போயிருக்கிறது' என்ற பதிலே ஒவ்வொரு முறையும் கிடைத்தது. எங்கே போயிருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இதற்கிடையில் வீட்டில் இருந்த ஒன்றரைப் பவுன் சங்கிலி கூட்டுறவு வங்கிக்கு அடகுக்குப் போனது.

விசாரித்தபோது தெரிந்தவை

2024 ஜனவரி கடைசி வாரம், களப்பணிக்கு வரவில்லை என்று நெறியாளர் கடிந்துகொண்டபோதுதான் மாணவி பேருந்துக் கட்டணத்துக்கே பணமில்லை என்பதைச் சொன்னார். அதன்பிறகே நான் ஆய்வுப் பிரிவுக்குச் சென்று, இணையதளத்தில் அவர் பெயருக்கு நேரே என்ன உள்ளது என்று காட்டும்படி கேட்டேன். ஐந்து நிமிட வேலை. அக்டோபரிலேயே நான் செய்திருக்க வேண்டியது.

2023 ஜூலை வரை எல்லா மாதங்களும் பதிவாகியிருந்தன. ஆகஸ்டிலிருந்து எல்லாம் காலி. பதிவு செய்து மறுக்கப்படவில்லை, பதிவே செய்யப்படவில்லை. இந்த வேறுபாடு முக்கியமானது. மறுக்கப்பட்டிருந்தால் வங்கியையோ மானியக் குழுவையோ அணுக வேண்டியிருக்கும். பதியப்படாததால் தடை கல்லூரிச் சுவர்களுக்குள்ளேயே இருந்தது.

பழைய மேக்கர் ஜூனில் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தார். புதியவருக்குக் கடவுச்சொல்லும் ஒரு நாள் பயிற்சியும் கிடைத்தனவே தவிர, எழுத்து வடிவில் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டு முடிந்த ஆய்வாளருக்கு முதுநிலை உயர்வு ஆணை வரும்வரை பதிவு செய்யக் கூடாது என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். ஆணை வந்ததும் எல்லா மாதங்களையும் சேர்த்துப் பதியலாம் என்று காத்திருந்தார். அவரைச் சோம்பேறி என்று சொல்வது எளிது. ஆனால் தன் மேசையில் இருந்த தாளில் 'உயர்வு நிலுவை' என்று பென்சிலால் எழுதி, பெயரையும் மாதத்தையும் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தார். அவர் யாருக்கோ காத்திருந்தார், அவ்வளவுதான்.

அந்த 'யாரோ' எங்கள் துறை. மதிப்பீட்டுக் குழு செப்டம்பர் 14 அன்று கூடி, உயர்வுக்குப் பரிந்துரைத்திருந்தது. வெளி வல்லுநர் அறிக்கையில் கையொப்பமிட்டாரே தவிர, பதவி முத்திரையும் தேதியும் இடவில்லை. ஆய்வுப் பிரிவு அதைச் சுட்டிக்காட்டித் துறைக்குத் திருப்பி அனுப்பியது. துறைத் தலைவர் அப்போது மருத்துவ விடுப்பில் இருந்தார். அலுவலக உதவியாளர் அதை அவருக்கான தபால் கோப்பில் வைத்தார். பொறுப்புத் தலைவர் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. அறிக்கை நான்கு மாதங்களுக்கு மேலாக எங்கள் துறை அலமாரியிலேயே இருந்தது. மாணவி ஒவ்வொரு நாளும் அந்த அலமாரியைக் கடந்துதான் ஆய்வகத்துக்குச் சென்றுகொண்டிருந்தார்.

மேக்கர் உயர்வுக்குக் காத்திருந்தார்; உயர்வு ஒரு முத்திரைக்குக் காத்திருந்தது; முத்திரை வேண்டும் என்பது வல்லுநருக்குத் தெரியாது; இவை எதுவும் மாணவிக்குத் தெரியாது.

இரண்டாவது கடிதம்

தவறு துறையுடையது என்று தெரிந்த பிறகு, கடிதம் இல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று நெறியாளர் கருதினார். நான் மறுத்தேன். முத்திரையை வாங்கிவிடலாம், ஆனால் கழிந்த ஆறு மாதங்களைப் பின்னோக்கிப் பதிவதற்கு, அந்த மாதங்களில் மாணவி பணியில் இருந்தார் என்பதற்குப் புலத்தலைவரின் எழுத்து ஆணை வேண்டும் என்று மேக்கர் கேட்டார். அவர் கேட்டது சரி. தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அத்துடன், முதல் கடிதம் தவறான பிரிவுக்குப் போனது என்பதும் பதிவில் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 5 அன்று கொடுக்கப்பட்ட கடிதத்தை, அடையாளங்களை நீக்கி முழுமையாகத் தருகிறேன்.

அனுப்புநர்
முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர் (பதிவு எண், துறை)

பெறுநர்
ஆராய்ச்சிப் புலத்தலைவர் அவர்கள்

வழி: நெறியாளர், துறைத் தலைவர்

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: ஆய்வு நல்கை – 2023 ஆகஸ்ட் முதல் 2024 ஜனவரி வரை மாத உறுதிப்பதிவு செய்யப்படாமை – பதிவு செய்ய ஆய்வுப் பிரிவுக்கு ஆணை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் கடிதம், நாள் 30.10.2023. 2. மதிப்பீட்டுக் குழு அறிக்கை, நாள் 14.09.2023.

நான் 2021 ஆகஸ்ட் முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு நல்கை பெற்று ஆய்வு செய்து வருகிறேன். 2023 ஜூலை வரையிலான தொகை முறையாக என் வங்கிக் கணக்கில் வரவாகியுள்ளது. அதன் பிந்தைய ஆறு மாதங்களுக்கான தொகை வரவாகவில்லை.

ஆய்வுப் பிரிவில் விசாரித்தபோது, அந்த ஆறு மாதங்களுக்கான உறுதிப்பதிவு இணையதளத்தில் செய்யப்படவில்லை என்பதும், முதுநிலை உயர்வு அறிக்கையில் வெளி வல்லுநரின் முத்திரையும் தேதியும் இல்லாததே அதற்குக் காரணம் என்பதும் தெரியவந்தன. குறை நீக்கப்பட்ட அறிக்கை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பார்வை 1-இல் கண்ட என் கடிதம் கணக்குப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு, அப்பிரிவு சார்ந்ததல்ல என்று திரும்பியதாக அறிகிறேன்.

எனவே, (1) முதுநிலை உயர்வு அறிக்கைக்கு ஒப்புதல் அளிக்கவும், (2) மேற்கண்ட ஆறு மாதங்களுக்கான உறுதிப்பதிவைச் செய்து ஒப்பும்படி ஆய்வுப் பிரிவுக்கு ஆணையிடவும் பணிந்து வேண்டுகிறேன்.

இணைப்பு: வருகைப் பதிவேட்டின் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, மதிப்பீட்டுக் குழு அறிக்கை, பார்வை 1-இல் கண்ட கடிதத்தின் நகல்.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இந்தக் கடிதத்தில் தந்தையின் தொழிலும் அடகு வைத்த சங்கிலியும் இல்லை. அவற்றைச் சேர்க்க வேண்டும் என்று மாணவி விரும்பினார். இல்லையென்றால் அவசரம் புரியாது என்பது அவர் வாதம். அதை நான் ஏற்கவில்லை, ஆனால் இன்றும் முழு உறுதியோடு சொல்லமாட்டேன். ஏற்காததற்குக் காரணம் இது: கஷ்டத்தை முன்வைத்தால் கடிதம் கருணைக்கான மனுவாகிறது, மனுவைப் படிக்கும் அதிகாரி அதைப் பரிசீலிக்கலாம், பரிசீலிக்காமலும் இருக்கலாம். உறுதிப்பதிவு கருணையன்று, கல்லூரியின் கடமை. கடைசியில் கஷ்டத்தை நேரில் சொல்வது, எழுத்தில் சேர்ப்பதில்லை என்று உடன்பட்டோம்.

'விடுவிக்க' என்ற சொல்லையும் கவனமாகத் தவிர்த்தோம். விடுவிக்கும் அதிகாரம் புலத்தலைவரிடம் இல்லை. அவரிடம் இருப்பது ஒப்புதலும் ஆணையும்தான். கான்டிஞ்சன்சி பில்களுக்குத் தனிக் கடிதம் எழுதினோம், ஏனெனில் அது வேறு பிரிவின் வேலை. ஒரே தாளில் இரண்டையும் கேட்டால் முதலில் கண்ணில் படும் சொல்லை வைத்தே கடிதம் ஒரு பிரிவுக்கு அனுப்பப்படும் என்பதை முதல் கடிதத்தில் பார்த்திருந்தோம்.

நகலில் தபால் பிரிவின் வரவு எண்ணும் தேதியும் பெறப்பட்டன. முதல் கடிதத்துக்கு அந்த எண் இல்லை. அதனால்தான் மூன்று மாதங்கள் அது எங்கே இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

எடுக்கப்பட்ட முடிவுகள்

பிப்ரவரி 7 அன்று புலத்தலைவர் எங்களை அழைத்தார். அவர் முன்னிருந்த கேள்வி ஒன்றுதான்: மாணவிக்கு உடனே பணம் தேவைப்படுவதால், ஆறு மாதங்களையும் பழைய 37,000 விகிதத்தில் பதிந்துவிட்டு, உயர்வுக்குப் பின் வித்தியாசத்தைக் கேட்கலாமா, அல்லது உயர்வை முடித்துவிட்டுப் புதிய விகிதத்தில் பதியலாமா?

பழைய விகிதத்தில் மொத்தம் 2,22,000 ரூபாய். புதிய விகிதத்தில் 2,52,000 ரூபாய். வித்தியாசம் 30,000. பழைய விகிதத்தில் பதிய முதலில் நெறியாளர் விரும்பினார். ஆனால் குழு அறிக்கை இப்போது குறையில்லாமல் கையில் இருந்தது. ஒப்புதலுக்கு வேண்டியது புலத்தலைவரின் ஒரு கையொப்பம். ஒரே மாதங்களுக்கு இரண்டு முறை கோரிக்கை அனுப்பினால், இரண்டாவது கோரிக்கைக்கு மீண்டும் ஒரு கோப்பு, மீண்டும் ஒரு காத்திருப்பு. எனவே உயர்வை அன்றே முடித்து, அதன்பின் பதிவது என்று தீர்மானிக்கப்பட்டது. அறிக்கை இன்னும் வல்லுநரிடமே இருந்திருந்தால் இந்த முடிவு தவறாகியிருக்கும். மாணவி மேலும் பல வாரங்கள் காத்திருந்திருப்பார்.

முத்திரைக்காக அறிக்கையைத் தபாலில் அனுப்பாமல், பிப்ரவரி 2 அன்றே மாணவியின் நெறியாளர் மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறி, திருச்சியில் இருந்த வல்லுநரிடம் நேரில் சென்று வாங்கி வந்திருந்தார். செப்டம்பரில் கூட்டம் முடிந்த கையோடு கேட்டிருந்தால் அரை நிமிடம்.

தொடர்ந்து நடந்தவை

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் பதிவுகள் செய்யப்பட்டபோது ஒரு சிக்கல் வந்தது. நவம்பர் மாத வருகைப் பதிவேட்டில் ஒன்பது நாள்கள் காலியாக இருந்தன. மாணவி காய்ச்சலில் ஊரில் இருந்திருக்கிறார். நெறியாளரிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். விடுப்புக் கடிதம் கொடுக்கவில்லை. நல்கை பெறுபவருக்கு ஆண்டுக்கு 30 நாள்கள் வரை விடுப்பு உண்டு என்பதால் அந்த ஒன்பது நாள்களால் தொகையில் குறைவு வராது. ஆனால் பதிவேட்டில் விடுப்பு என்று எழுதப்படாதவரை, முழுமாதப் பணியை உறுதி செய்ய செக்கர் மறுத்தார். நவம்பரை மட்டும் நிறுத்திவைத்து மற்ற ஐந்து மாதங்களையும் ஒப்பினார். ஒரு மாதத்துக்காக ஐந்து மாதங்களையும் தடுக்காமல் பிரித்தது நல்ல முடிவு. அது அவருக்கே தோன்றியது, நாங்கள் கேட்கவில்லை.

மார்ச் மூன்றாம் வாரம் ஐந்து மாதங்களுக்கான 2,10,000 ரூபாய் மாணவியின் கணக்கில் வந்தது. மருத்துவச் சீட்டுடன் விடுப்புக் கடிதம் கொடுத்து, நெறியாளரும் துறைத் தலைவரும் ஒப்பிய பிறகு நவம்பர் தொகையான 42,000 ஏப்ரலில் வந்தது. பிப்ரவரி முதலான மாதங்களுக்குப் பணம் வழக்கம்போல வந்தது. சங்கிலி மீட்கப்பட்டது, அதற்கான வட்டியைக் கோருவதற்கு எந்தத் தலைப்பும் எந்தப் படிவமும் கிடையாது.

ஈடுசெய்ய முடியாமல் போனது இன்னொன்றும் உண்டு. டிசம்பரில் எடுக்க வேண்டிய மூன்று கண்மாய்களின் மாதிரிகள் எடுக்கப்படவில்லை. அவற்றுக்கு அடுத்த மழைக்காலம் வரை, ஏறக்குறைய பத்து மாதங்கள், காத்திருக்க நேர்ந்தது.

இனி மாற்றிச் செய்பவை

துறை அளவில் மூன்று வழக்கங்களை மாற்றியிருக்கிறோம். மதிப்பீட்டுக் கூட்டம் முடிந்து வல்லுநர் நாற்காலியை விட்டு எழுவதற்குள், கையொப்பம், பெயர், பதவி, முத்திரை, தேதி ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று ஒருங்கிணைப்பாளர் பார்க்க வேண்டும். உயர்வுக் கூட்டத்தை இரண்டாம் ஆண்டு முடிந்த பிறகு கூட்டாமல், முடிவதற்கு ஒரு மாதம் முன்பே தேதி குறிக்கிறோம். ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் முந்தைய மாதப் பதிவு ஆனதா என்று ஆய்வாளரே ஆய்வுப் பிரிவில் கேட்டு, ஒரு தாளில் குறித்துக்கொள்கிறார். ஆகவில்லை என்றால் காரணத்தையும் எழுதிக்கொள்கிறார். வருகைப் பதிவேட்டில் காலியிடம் இருக்கக்கூடாது என்பது இதற்குள் அடங்கும்.

ஒருங்கிணைப்பாளராகக் கையொப்பமிடும் முன், 'இந்தக் கடிதத்தைப் படிப்பவர் செய்யக்கூடிய ஒரு செயல் எது?' என்ற கேள்விக்குக் கடிதத்தில் பதில் இருக்கிறதா என்று நான் இப்போது தேடுகிறேன். பதில் இல்லாத கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, முதலில் ஆய்வுப் பிரிவுக்குச் சென்று வரச் சொல்கிறேன். இதனால் ஆய்வாளர்கள் சிலர் என்மீது வருத்தப்பட்டதும் உண்டு.

கல்லூரி அளவில் கேட்டது இன்னும் கிடைக்கவில்லை. மேக்கர் மாறும்போது, நிலுவையில் உள்ள ஆய்வாளர்களின் பெயரும் காரணமும் எழுதப்பட்ட ஒப்படைப்புக் குறிப்பு வேண்டும் என்றும், மேக்கர் விடுப்பில் இருக்கும்போது பதிய மாற்று நபர் ஒருவர் வேண்டும் என்றும் புலத்தலைவருக்கு 2024 ஜூனில் எழுதினோம். முதல் கோரிக்கைக்கு வாய்மொழி இசைவு கிடைத்தது. இரண்டாவதற்கு ஆள் பற்றாக்குறை என்ற பதில் வந்தது. அந்தக் கடிதத்தின் வரவு எண்ணை நான் குறித்து வைத்திருக்கிறேன்.